கன்னம் சிவந்த பிள்ளையும் வயிற்றுப்பிள்ளைக்காரியும்: சுங்கை சிப்புட் தாய்மார்கள் கேட்ட கேள்விகள்

நான் பேராக் மாநிலத்தில், தோட்டங்கள் சூழ்ந்த பட்டணங்களின் தாய்சேய் கிளினிக்குகளில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். இன்றும் சுங்கை சிப்புட் சந்தையில் என்னை "மிஸ்ஸி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளிடையே கன்னச் சிவப்பு நோய் ஒரு சுற்று வந்துவிட்டால், காய்கறி வாங்கும் இடத்திலும் கோயில் வாசலிலும் ஒரே சந்தேகங்கள்தாம் காதில் விழுகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறேன். கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்காரர்கள் ஏழாவது கேள்வி முதல் நிதானமாகப் படிக்க வேண்டும்.

1. "பேரனை யாரோ இரண்டு கன்னத்திலும் அறைந்திருக்கிறார்கள், மிஸ்ஸி. பள்ளிக்குப் போய் வாத்தியாரைக் கேட்கட்டுமா?"

கேட்பதற்கு முன் பையனின் வாயைச் சுற்றிப் பாருங்கள். இரண்டு கன்னமும் ஒரே அளவில் சிவந்து, சற்றே தடித்து, தொட்டால் சூடாக இருக்கும். வாயைச் சுற்றியும் மூக்கின் ஓரத்திலும் மட்டும் வெளிறித் தெரியும். அறை விழுந்திருந்தால் விரல் தடம் இருக்கும், பெரும்பாலும் ஒரு பக்கம் இருக்கும், தொட்டால் வலிக்கும். இரு பக்கமும் சமமாக, வலியில்லாமல், மறுநாளும் அப்படியே இருந்தால் அது நோயின் வேலை. ஆங்கிலத்திலும் இதை "அறைந்த கன்ன நோய்" என்ற பொருளில்தான் சொல்கிறார்கள். "ஐந்தாம் நோய்" என்ற பெயரும் உண்டு. குழந்தைகளுக்குத் தடிப்போடு வரும் நோய்களை அந்தக் காலத்து மருத்துவர்கள் வரிசையிட்டபோது இது ஐந்தாவதாக நின்றது.

கன்னம் சிவந்து ஒன்று முதல் நான்கு நாளுக்குள் கையிலும் தொடையிலும் உடம்பிலும் தடிப்பு படரும். அது முதலில் திட்டுத் திட்டாக வந்து, பிறகு நடுப்பகுதி மங்கி, ஓரங்கள் மட்டும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்கும். கொசுவலையை ஈரத் தோலில் அழுத்தி எடுத்தது போன்ற அந்தப் பின்னல்தான் இந்த நோயின் கையெழுத்து. காரணம் பார்வோ வைரஸ் பி19 என்ற மிகச் சிறிய கிருமி. 1975இல் லண்டனில் இவோன் கோசார்ட் என்ற ஆய்வாளர், மஞ்சள்காமாலைக் கிருமிக்காக இரத்த மாதிரிகளைச் சோதித்தபோது இது தற்செயலாகக் கிடைத்தது. "பி" வரிசையின் 19ஆம் மாதிரியில் இருந்ததால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

2. "எங்கள் பிள்ளை நல்ல கறுப்பு. சிவப்பு எப்படித் தெரியும்?"

நம் பிள்ளைகள் பலருக்கு இந்த நோய் வந்துபோனதே தெரியாமல் போவதற்கு இதுதான் காரணம். பாடநூல் படங்களில் இருப்பது பெரும்பாலும் வெள்ளைத் தோல். கருமையான தோலில் கன்னம் சிவப்பாகத் தெரியாது. கத்தரிப்பூ நிறம் கலந்தாற்போல மற்ற இடத்தைவிட இருண்டு, பளபளப்பாக, கொஞ்சம் உப்பலாகத் தெரியும். கண்ணைவிடக் கையை நம்புங்கள். புறங்கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, பிறகு நெற்றியில் வையுங்கள். நெற்றி சாதாரணமாக இருக்கக் கன்னம் மட்டும் சூடாக இருக்கும்.

வலைப்பின்னலைத் தேட வேண்டிய இடம் முழங்கையின் உட்புறமும் தொடையின் உட்புறமும். குழல் விளக்கில் பார்க்காதீர்கள். காலை வெளிச்சத்தில் வாசலில் நிறுத்திப் பாருங்கள். குளித்து வந்த ஐந்து நிமிடத்தில் இன்னும் தெளிவாகத் தெரியும்.

3. "இது அம்மைதானே? வேப்பிலை வைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் இருக்கலாமா?"

வேப்பிலை வைப்பதை நான் யாரிடமும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஆனால் இது தட்டம்மையும் அல்ல, நீர்க்கொப்புளம் போடும் அம்மையும் அல்ல. கொப்புளம் வராது, தழும்பு நிற்காது. குளிக்க வைக்கலாம், வெந்நீர் மட்டும் வேண்டாம். அரிப்பு இருந்தால் குளிர்ந்த நீரில் நனைத்த துணி போதும். காய்ச்சல் இருந்தால் பிள்ளையின் எடைக்கேற்ற பாராசிட்டமால் கொடுங்கள். ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. கிருமிக்கொல்லி மாத்திரை வைரஸுக்கு எதுவும் செய்யாது, அதைக் கேட்டு வாங்காதீர்கள்.

4. "டெங்கி இல்லை, தட்டம்மை இல்லை என்று நாங்கள் எப்படி நம்புவது?"

தடிப்பு இருக்கும் நாளில் பிள்ளை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கன்னச் சிவப்பு நோயில் தடிப்பு வரும்போது பிள்ளை அநேகமாக நன்றாகவே இருக்கும், ஓடும், சாப்பிடும். ஒரு வாரத்துக்கு முன்பு லேசான காய்ச்சல், தலைவலி, மூக்கொழுகல் இருந்திருக்கலாம். அதைச் சாதாரணச் சளி என்று நீங்கள் மறந்தே போயிருப்பீர்கள்.

தட்டம்மையில் தடிப்பு வரும் நாளில்தான் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும். கண் சிவந்து இருமலோடு பிள்ளை சுருண்டு கிடக்கும். 9 மாதத்திலும் 12 மாதத்திலும் போட வேண்டிய எம்.எம்.ஆர் ஊசி இரண்டும் போட்டிருக்கிறதா என்று குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தைப் பாருங்கள். டெங்கியில் கடும் காய்ச்சலும் உடல்வலியும் முன்னே வரும், தடிப்பு பின்னே வரும். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், அசதி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தடிப்பின் வடிவத்தை ஆராய்ந்துகொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். நம் வட்டாரத்தில் டெங்கியைத் தவறவிடுவது, இந்த நோயைத் தவறவிடுவதைவிடப் பெரிய பிழை.

5. "எத்தனை நாளைக்குப் பள்ளிக்கு அனுப்பக் கூடாது?"

கன்னம் சிவந்த பிள்ளை நலமாக இருந்தால் அன்றைக்கே அனுப்பலாம். இதைச் சொன்னால் தாய்மாரும் நம்புவதில்லை, சில ஆசிரியர்களும் நம்புவதில்லை. கை, கால், வாய்ப்புண் நோய்க்குப் பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் பழகிவிட்டோம் அல்லவா?

இந்த நோயின் நாட்கணக்கு தலைகீழானது. கிருமி உடம்பில் நுழைந்து ஏறக்குறைய ஒரு வாரத்தில் இரத்தத்திலும் எச்சிலிலும் நிரம்புகிறது. அப்போதுதான் அந்த லேசான சளியும் காய்ச்சலும். இருமல், தும்மல், எச்சில் பட்ட தம்ளர் வழியாக மற்றவர்களுக்குப் போவதும் அந்த நாட்களில்தான். பிறகு உடம்பு எதிர்ப்புப் பொருளை உண்டாக்கிக் கிருமியை அடக்குகிறது. அந்த எதிர்ப்புப் பொருள் கிருமியோடு கூடித் தோலில் படிவதால்தான் தடிப்பே வருகிறது. 1980களில் இங்கிலாந்தில் தன்னார்வலர்களின் மூக்கில் இந்தக் கிருமியை விட்டுப் பார்த்தார்கள். ஒரு வாரத்தில் காய்ச்சலும் கிருமியும் வந்தன. தடிப்பு வந்ததோ இரண்டு வாரம் கடந்த பிறகு.

எனவே கன்னச் சிவப்பு, நோய் தொடங்கும் அறிகுறி அல்ல, பரவும் காலம் முடிந்துவிட்டது என்ற அறிவிப்பு. கர்ப்பிணியைப் பற்றிப் பின்னால் சொல்லும் எல்லாமே இந்த ஒரு செய்தியின் மேல்தான் நிற்கிறது. நோய் எதிர்ப்பு குறைந்த பிள்ளைகளும் இரத்தக் குறைபாடு உள்ள பிள்ளைகளும் இதற்கு விதிவிலக்கு. அவர்களைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

6. "போன வாரம் மறைந்தது. திடலில் ஓடிவிட்டு வந்ததும் மறுபடி வந்துவிட்டது. திரும்பத் தொற்றிக்கொண்டதா?"

இல்லை. வெயில், ஓட்டம், வெந்நீர்க் குளியல், அழுகை என்று தோலுக்கு இரத்தம் ஏறும் எந்தக் காரணத்தாலும் பழைய பின்னல் மீண்டும் தெரியும். ஒன்று முதல் மூன்று வாரம் வரை இந்த ஒளிந்து விளையாட்டு நடக்கும், சிலருக்கு அதற்கு மேலும் நீளும். அதனால் பிறருக்குத் தொற்றாது. ஒரு முறை வந்தால் பெரும்பாலும் ஆயுள் முழுவதற்கும் பாதுகாப்பு.

7. "என் ஓரகத்தி நாலு மாதம். ஒரே வீடு. பிள்ளையை எங்கள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடட்டுமா?"

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். அனுப்புவதால் பயன் இல்லை. ஐந்தாம் பதிலை நினைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளை கிருமியைப் பரப்பிய நாட்கள் முடிந்துவிட்டன. அப்போது அது சித்தியின் மடியில் உட்கார்ந்து, ஒரே தட்டில் சோறு தின்றுகொண்டிருந்தது. இப்போது பிள்ளையை அனுப்பினால் பிள்ளைக்கு ஏக்கமும் வீட்டில் மனக்கசப்பும்தான் மிஞ்சும். "உன் பிள்ளையால்தான்" என்ற ஒரு சொல் இரண்டு ஓரகத்திகளுக்கு நடுவில் எத்தனை வருடம் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

செய்ய வேண்டியது வேறு. நாள்காட்டியை எடுத்து, கன்னம் சிவந்த நாளை வட்டமிடுங்கள். அதிலிருந்து பின்னோக்கி ஏறக்குறைய 10 நாள் எண்ணிக் கோடு போடுங்கள். அந்த நாட்களில் கர்ப்பிணி எத்தனை வாரம் என்று அவருடைய கர்ப்பிணிப் புத்தகத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு அவர் இரண்டொரு நாளுக்குள் கிளினிக்குக்குப் போக வேண்டும். "தடிப்பு வந்த பிள்ளையோடு ஒரே வீட்டில் இருந்தேன், எனக்கு இத்தனை வாரம்" என்று முதல் வாக்கியமாகவே சொல்ல வேண்டும். அடுத்த தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தமக்கே தடிப்பு இருந்தால், மற்றக் கர்ப்பிணிகளோடு வரிசையில் உட்காராமல், போனவுடனே தாதியிடம் சொல்லித் தனியே அமருங்கள். அது எந்த நோய் என்று பார்த்த பார்வையில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

8. "கர்ப்பத்தில் இது வந்தால் குழந்தை ஊனமாகப் பிறக்குமா?"

ருபெல்லா என்னும் ஜெர்மன் தட்டம்மையைப் பற்றிக் கேள்விப்பட்ட பயம் இது. ருபெல்லா கண்ணையும் காதையும் இதயத்தையும் உருவாகும்போதே கெடுக்கும். கன்னச் சிவப்பு நோய்க் கிருமி அப்படி அங்கக் குறை உண்டாக்குவதாகத் தெரியவில்லை. இந்த நோய் வந்துவிட்டது என்பதற்காகக் கருவைக் கலைக்கச் சொல்வதும் இல்லை.

இதன் ஆபத்து இரத்தத்தில் இருக்கிறது. சிவப்பு இரத்த அணுக்களை உற்பத்தி செய்யும் இளம் அணுக்களுக்குள்தான் இந்தக் கிருமி புகுந்து பெருகும். அதனால் ஒரு வாரம், பத்து நாள் உற்பத்தி நின்றுபோகிறது. நமக்கு அது தெரியாது. நம் சிவப்பணு ஒன்று 120 நாள் உயிரோடு இருக்கும், அரிசி டின் நிறைந்த வீட்டில் ஒரு வாரம் கடை மூடியது போலத்தான். வயிற்றுக் குழந்தைக்கு அப்படி இருப்பு கிடையாது. அதன் அணுக்களின் ஆயுள் குறைவு. வளர்ச்சியோ வேகமானது, நாளுக்கு நாள் அதிக இரத்தம் தேவை. உற்பத்தி நின்றால் சோகை வருகிறது, நீர்த்துப்போன இரத்தத்தை இதயம் மேலும் மேலும் வேகமாகத் தள்ளிக் களைக்கிறது, பிறகு வயிற்றிலும் நெஞ்சிலும் தோலடியிலும் நீர் கோத்துக்கொள்கிறது. கவனிக்காமல் விட்டால் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகலாம்.

9. "நூற்றுக்கு எத்தனை பேருக்கு அப்படி ஆகும்? ஒளிக்காமல் சொல்லுங்கள்."

நோயுற்ற பிள்ளையோடு ஒரே வீட்டில் இருக்கும் 100 கர்ப்பிணிகளை எடுத்துக்கொள்வோம். அவர்களில் ஏறத்தாழ 50 பேருக்குச் சிறுவயதிலேயே இந்த நோய் வந்துபோயிருக்கும். அவர்களுக்கும் குழந்தைக்கும் கவலை இல்லை. மீதி 50 பேரில் வீட்டுக்குள் தொற்றுவது பாதிப் பேருக்கு, அதாவது 25 பேருக்கு. அந்த 25 பேரில் மூன்றில் ஒருவருக்குக் கிருமி குழந்தை வரை போகும். அப்படிப் போனாலும் பெரும்பாலான குழந்தைகள் தாமாகவே தேறிவிடுகின்றன. தொற்றிய தாய் 20 வாரத்துக்கு உட்பட்டவராக இருந்தால், கரு இழப்பு 10 பேரில் ஒருவருக்கு நேரலாம் என்று கணக்கிடுகிறார்கள். ஆக, தொடங்கிய 100 பேரில் இரண்டு அல்லது மூன்று பேர்.

20 வாரத்தைத் தாண்டித் தொற்றினால் ஆபத்து வெகுவாகக் குறைகிறது, கடைசி மாதங்களில் அது அரிது. இந்தக் கணக்கைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, ஆறுதலுக்காகவும் சொல்லவில்லை. தாம் எந்த ஐம்பதில் இருக்கிறோம் என்பதை ஒரு இரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். அதற்காகச் சொல்கிறேன்.

10. "இரத்தம் எடுத்தார்கள். தாளில் ஐ.ஜி.ஜி, ஐ.ஜி.எம் என்று இரண்டு வரி இருக்கிறது. எதைப் பார்ப்பது?"

ஐ.ஜி.எம் என்பது புதிதாக வந்த காவலாளி. தொற்று நேர்ந்து 10 முதல் 12 நாளில் தோன்றி, இரண்டு மூன்று மாதம் இருந்துவிட்டு மறையும். ஐ.ஜி.ஜி கொஞ்சம் பிந்தி வந்து ஆயுள் முழுவதும் தங்கும் காவலாளி. பிள்ளையின் கன்னம் சிவந்த உடனே எடுத்த இரத்தத்தில் ஐ.ஜி.ஜி மட்டும் இருந்தால் அது பழைய பாதுகாப்பு. மனதை லேசாக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஐ.ஜி.எம் இருந்தால் அண்மைத் தொற்று என்று எடுத்துக்கொண்டு, பன்னிரண்டாம் பதிலில் வரும் ஸ்கேன் ஏற்பாட்டுக்குப் போக வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அடுத்த பதிலைப் படியுங்கள்.

"உடனே" என்ற சொல்லை நான் அழுத்துவதற்குக் காரணம் உண்டு. மூன்று மாதம் கழித்து எடுத்தால் ஐ.ஜி.எம் மறைந்து ஐ.ஜி.ஜி மட்டும் நிற்கும். அது பத்து வயதில் வந்ததா, இந்தக் கர்ப்பத்தில் வந்ததா என்று அந்தத் தாளால் சொல்ல முடியாது. இந்தப் பரிசோதனையை எல்லா கிளினிக்கிலும் செய்வதில்லை. இரத்தத்தை எடுத்து வெளி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள், முடிவு வர நாளாகும். அதே இரத்தத்தில் ருபெல்லாவையும் பார்க்கச் சொல்லுங்கள். தடிப்பை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிவது கடினம்.

11. "இரண்டுமே இல்லை என்று வந்துவிட்டது. தப்பித்துவிட்டேன்தானே, அக்கா?"

இந்த இடத்தில்தான் பலர் தாளை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். இரண்டும் இல்லையென்றால் உங்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்று பொருள். கிருமி உள்ளே வந்து இன்னும் எதிர்ப்புப் பொருள் உண்டாகாத நாட்களாகவும் அது இருக்கலாம்.

ஒரு தாயின் நாட்கணக்கைச் சொல்கிறேன். வீட்டுப் பிள்ளைக்குக் கன்னம் சிவந்தது மார்ச் 20. சித்திக்கு அன்று 16 வாரம். மார்ச் 21இல் எடுத்த இரத்தத்தில் இரண்டும் இல்லை. குடும்பமே மகிழ்ந்தது. நான் பின்னோக்கி எண்ணினேன். பிள்ளை கிருமியைப் பரப்பியது ஏறக்குறைய மார்ச் 10 முதல். சித்திக்கு 12ஆம் தேதி தொற்றியிருந்தால்கூட, 21ஆம் தேதிக்கு ஒன்பது நாள்தான் ஆகிறது. ஐ.ஜி.எம் தோன்றவே நேரம் போதவில்லை. நான்கு வாரம் கழித்து, ஏப்ரல் 17இல் மறுபடி எடுக்கச் சொன்னோம். இரண்டும் இருந்தன. இடையில் அவருக்குத் தடிப்பு வரவில்லை. இரண்டு நாள் உடம்பு அசதி, அவ்வளவுதான். அந்த இரண்டாம் இரத்தம் எடுக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

தொற்றியது மார்ச் நடுவில், கரு 15 வாரமாக இருந்தபோது. அதிலிருந்து 12 வாரம், அதாவது ஜூன் முதல் வாரம் வரை கண்காணிப்பு என்று முடிவாயிற்று. மருமகள் வாராவாரம் ஈப்போவுக்குப் போவதா என்று மாமியார் முதலில் முணுமுணுத்தார். பிறகு அவரே துணைக்குப் போனார். 22ஆம் வாரத்தில் ஒரு அளவு சற்று ஏறியது, எல்லையைத் தாண்டவில்லை. இரண்டு வாரத்தில் தானாகவே இறங்கியது. ஆகஸ்ட் கடைசியில் பெண் குழந்தை, சோகை இல்லை.

இரண்டாம் பரிசோதனையிலும் இரண்டும் இல்லையென்று வந்தால்தான் இந்த முறை தப்பித்தீர்கள் என்று பொருள்.

12. "ஒவ்வொரு வாரமும் ஸ்கேனில் அப்படி என்ன பார்க்கிறார்கள்? கோளாறு இருந்தால் என்ன செய்ய முடியும்?"

குழந்தையின் மூளைக்குள் போகும் ஒரு இரத்தக் குழாயில் இரத்தம் ஓடும் வேகத்தை அளக்கிறார்கள். சோகை வந்த இரத்தம் நீர்த்திருக்கும், நீர்த்த இரத்தம் வேகமாக ஓடும். அந்தக் கரு வாரத்துக்குரிய நடுத்தர வேகத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் போனால் கடுமையான சோகை என்று சந்தேகிப்பார்கள். ஊசி குத்தாமலே சோகையை அளக்கும் வழி இது. அதோடு வயிற்றிலும் நெஞ்சிலும் நீர் கோத்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். தாய்க்குத் தொற்றிய பிறகு பெரும்பாலும் 2 முதல் 6 வாரத்துக்குள் நீர்க்கோர்வை தலைகாட்டும். பிந்தியும் வரக்கூடும் என்பதால்தான் 12 வாரம் வரை, வாரத்துக்கு ஒரு முறையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ பார்க்கிறார்கள். சாதாரண ஸ்கேனில் எடையும் நாடித்துடிப்பும் சரியாக இருந்தது என்பது இதற்கு ஈடாகாது. அந்த வேகத்தை அளந்தார்களா என்று கேளுங்கள்.

வேகம் எல்லையைத் தாண்டினால், கருநிலைச் சிகிச்சை தெரிந்த நிபுணர் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அங்கே ஸ்கேன் பார்த்தபடியே மெல்லிய ஊசியால் தொப்புள்கொடி இரத்தக் குழாய்க்குள் குழந்தைக்கு இரத்தம் ஏற்றுவார்கள். அந்தச் சிகிச்சைக்கும் ஆபத்து உண்டு. ஆனாலும் உரிய நேரத்தில் ஏற்றினால் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துக்கொள்கின்றன, பலருக்கு ஒரே முறை போதுமாக இருக்கிறது. கிருமியின் ஆட்டம் அடங்கியதும் குழந்தையின் உடம்பே மறுபடி இரத்தம் உண்டாக்கத் தொடங்கிவிடும்.

13. "நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. 12 வாரம். வகுப்பில் மூன்று பிள்ளைகளுக்குக் கன்னம் சிவந்திருக்கிறது. விடுப்பு எடுத்துவிடலாமா?"

முதலில் இரத்தப் பரிசோதனை, பிறகு முடிவு. ஐ.ஜி.ஜி இருந்தால் நீங்கள் தாராளமாகப் பாடம் நடத்தலாம். பாதுகாப்பு இல்லையென்று தெரிந்தால் மருத்துவரோடும் தலைமையாசிரியரோடும் பேசுங்கள். எல்லாக் கர்ப்பிணி ஆசிரியைகளையும் வீட்டுக்கு அனுப்புவது பொதுவான பரிந்துரை அல்ல. பரவல் ஒரு பள்ளியில் பல வாரம் நீடிக்கும். உங்கள் வீட்டிலும் பள்ளிப் பிள்ளை இருந்தால், வகுப்பறையைவிட வீட்டில்தான் தொற்றும் வாய்ப்பு கூடுதல்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். சிவந்த மூன்று பிள்ளைகளைப் பின்வரிசைக்குத் தள்ளுவதில் பொருள் இல்லை. இந்த வாரம் கிருமியைப் பரப்புவது, லேசாக மூக்கொழுகிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நான்காவது பிள்ளை. அது யாரென்று உங்களுக்குத் தெரியாது. ஆகவே நோட்டுப் புத்தகங்களைத் திருத்திய பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மூக்கைத் துடைத்துவிட்டால் உடனே கழுவுங்கள். தம்ளர், கரண்டியைப் பகிர வேண்டாம். நெருங்கி உட்காரும்போது முகக்கவசம் அணியலாம். தடுப்பூசி இதற்கு இல்லை.

14. "எனக்குத் தடிப்பு இல்லை. விரல் கணுவும் மணிக்கட்டும் காலையில் மடக்க முடியவில்லை. அதுவும் இதுதானா?"

இருக்கலாம். வளர்ந்த பெண்களுக்கு இந்த நோய் பல முறை மூட்டுவலியாகத்தான் வருகிறது. இரண்டு கையிலும் ஒரே மாதிரி, சில வாரங்கள் நீடித்து, மூட்டைக் கெடுக்காமல் போய்விடும். சிக்குன்குனியா என்றோ வாதம் என்றோ நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். கர்ப்பிணிக்கு, பள்ளிப் பிள்ளை இருக்கும் வீட்டில், புதிதாக இப்படி வலி வந்தால் தடிப்பே இல்லாவிட்டாலும் பத்தாம் பதிலில் சொன்ன இரத்தத்தைக் கேட்டு எடுங்கள். வலி மாத்திரையைக் கடையில் தாமாக வாங்க வேண்டாம். கர்ப்ப காலத்தில் ஆகாதவை அவற்றில் பல உண்டு.

15. "என் மூத்த பிள்ளைக்குத் தலசீமியா. தம்பிக்குத்தான் கன்னம் சிவந்திருக்கிறது. மூத்தவனுக்கு ஒன்றுமில்லையே?"

மூத்தவனைத்தான் நான் முதலில் கேட்பேன். எட்டாம் பதிலில் சொன்ன அரிசி டின் கதையை நினைத்துப் பாருங்கள். தலசீமியா நோயுள்ள பிள்ளையின் சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிந்துவிடும், டின்னில் இருப்பு எப்போதும் குறைவு. ஒரு வாரம் உற்பத்தி நின்றால் ஹீமோகுளோபின் சட்டென்று சரிந்துவிடும். அவனுக்குக் கன்னம் சிவக்காது, வெளிறிப்போகும். மூச்சு வாங்குவது, படி ஏற முடியாமல் உட்கார்ந்துவிடுவது, நெஞ்சு படபடப்பது, தூங்கிக்கொண்டே இருப்பது போன்ற எதைக் கண்டாலும் அடுத்த இரத்தம் ஏற்றும் தேதிக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தம்பியின் கன்னம் சிவந்த நாளிலிருந்து மூன்று வாரம் இந்தக் கவனம் வேண்டும். அவனுக்குச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் இப்போதே தெரிவித்துவிடுங்கள். தலசீமியாவைச் சுமப்பவர் மட்டுமாக, நோயில்லாமல் இருப்பவருக்கு இந்தக் கவலை தேவையில்லை. புற்றுநோய் மருந்து எடுப்பவர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர் வீட்டில் இருந்தால் அவர்களுடைய மருத்துவருக்கும் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் பதிலில் விதிவிலக்கு என்று சொன்னது இவர்களைத்தான். இப்படி வெளிறிச் சோர்ந்து மருத்துவமனைக்கு வரும் பிள்ளையின் உடம்பில் அப்போதுதான் கிருமி நிறைந்திருக்கும், மற்றவர்களுக்குத் தொற்றும். எனவே வார்டில் சேர்க்கும்போதே "தம்பிக்குக் கன்னச் சிவப்பு நோய்" என்று சொல்லுங்கள். அவனைத் தனி அறையில் வைப்பார்கள். வார்டுத் தாதிகளில் யாராவது கர்ப்பமாக இருந்தால் அவரை அந்த அறைக்கு அனுப்பமாட்டார்கள். உங்கள் ஓரகத்தியும் அவனைப் பார்க்க வர வேண்டாம்.